ஃபிபொனாச்சி எக்ஸ்டென்ஷன்: டார்கெட் எங்கே, அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

"அண்ணே, நான் திருவொற்றியூர்ல லேத் பட்டறை வெச்சிருக்கேன். மணலி, எண்ணூர் பக்கத்துக் கம்பெனி ஷேர்தான் அதிகம் வாங்குவேன். ரிட்ரேஸ்மென்ட் முடிஞ்சு விலை திரும்ப ஏறும்போது 1.618-ஐ டார்கெட்டா வெச்சுக் காத்திருக்கேன். பாதி தடவை கொஞ்சம் முன்னாடியே திரும்பிடுது. பாதி தடவை நான் வித்த பிறகு பறக்குது. இந்த எக்ஸ்டென்ஷனை எப்படிக் கணக்குப் போடணும், எவ்வளவு தூரம் நம்பலாம்?"

தம்பி, முதலில் நீங்கள் சார்ட்டில் எந்தக் கருவியை எடுத்து இழுக்கிறீர்கள் என்று பாருங்கள். இதிலேயே பலர் தடுமாறுகிறார்கள். தங்கசாலை டீக்கடையில் இரண்டு பேர் ஒரே ஷேருக்கு 1.618 என்று சொல்லி இரண்டு வேறு விலையைச் சொல்வார்கள். இருவர் கணக்கும் சரியாகவே இருக்கும், கருவிதான் வேறு.

TradingView மாதிரி சார்ட்டில் Fib Retracement என்று ஒன்று உண்டு. அதற்கு இரண்டு புள்ளி போதும். ஏற்றம் முடிந்த இடத்தை முதலிலும் தொடங்கிய இடத்தை அடுத்தும் தொட்டால், 100 சதவீதத்தைத் தாண்டி மேலேயும் கோடு நீளும். இன்னொன்று Trend-Based Fib Extension. அதற்கு மூன்று புள்ளி வேண்டும்: ஏற்றத்தின் அடி (A), உச்சி (B), இறக்கம் முடிந்து திரும்பிய இடம் (C). முதலாவது ஏற்றத்தின் நீளத்தை அதே அடியிலிருந்து நீட்டுகிறது. இரண்டாவது அந்த நீளத்தைத் தூக்கி வந்து C-யின் மேல் வைக்கிறது. நீங்கள் கேட்பது ரிட்ரேஸ்மென்ட் முடிந்த பிறகான டார்கெட், ஆகவே உங்களுக்கு வேண்டியது மூன்று புள்ளிக் கருவி. கணக்கு இவ்வளவுதான்:

```
target = C + (B - A) × ratio
```

ratio என்ற இடத்தில் 0.618, 1.0, 1.618 என்று போடுகிறோம். இதில் 1.0 என்பது ஃபிபொனாச்சி எண் விகிதம் எதுவும் இல்லை. முதல் ஏற்றம் எவ்வளவோ அடுத்த ஏற்றமும் அவ்வளவே என்ற எளிய அனுமானம். ஆனாலும் மூன்றில் எனக்கு மிகவும் பயன்படுவது அதுதான்.

தனி ஷேரை எடுத்தால் போனஸ், ஸ்பிளிட் என்று குழப்பம் வரும். எல்லோரும் சார்ட்டில் திறந்து சரிபார்க்க முடிகிற நிஃப்டியையே எடுத்துக்கொள்வோம். 2022 ஜூன் 17 அன்று அது 15,183 வரை இறங்கித் திரும்பியது. அது A. அந்த வருடம் டிசம்பர் 1 அன்று 18,888 தொட்டது. அது B. அங்கிருந்து சரிந்து 2023 மார்ச் 20 அன்று 16,828 வரை வந்தது. அது C. A-யிலிருந்து B வரை 3,705 புள்ளி. அதில் 2,060 புள்ளியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது, ஏறக்குறைய 56 சதவீதம். கவனியுங்கள், 50-இலும் நிற்கவில்லை, 61.8-இலும் நிற்கவில்லை, நடுவில் எங்கோ நின்று திரும்பியது. எக்ஸ்டென்ஷனுக்கு அது ஒரு பொருட்டில்லை. C எங்கே அமைந்ததோ அங்கிருந்துதான் கணக்கு.

3,705-ஐ வைத்துப் பெருக்கினால் 0.618-க்கு 19,118, 1.0-க்கு 20,533, 1.618-க்கு 22,823, 2.618-க்கு 26,528 வருகிறது. இரண்டு புள்ளிக் கருவியை எடுத்திருந்தால் 1.618 என்று 21,178-ஐக் காட்டியிருக்கும். 1,600 புள்ளிக்கு மேல் வித்தியாசம். டீக்கடைச் சண்டைக்குக் காரணம் இதுதான்.

இனி நடந்ததைப் பாருங்கள். 2023 ஜூன் கடைசியில் நிஃப்டி 19,118-ஐத் தாண்டியது. செப்டம்பர் 15 அன்று 20,222 வரை ஏறியது. 1.0 கோடு 20,533-இல் இருக்கிறது, இன்னும் 311 புள்ளி பாக்கி. அங்கிருந்து திரும்பி அக்டோபர் 26 அன்று 18,838 வரை விழுந்தது. அதாவது 0.618 கோட்டுக்கும் கீழே, பழைய உச்சியான B-க்கும் கீழே. 20,533-க்காகக் காத்திருந்தவர் கையிலிருந்த லாபத்தில் கிட்டத்தட்ட 1,400 புள்ளி கரைந்ததைப் பார்த்திருப்பார். டிசம்பர் முதல் வாரத்தில், மாநிலத் தேர்தல் முடிவு வந்த சூட்டில், 20,533-ஐத் தாண்டியது. 2024 ஏப்ரல் 10 அன்று 22,776 வந்தது. 1.618 கோட்டுக்கு 47 புள்ளிதான் குறைவு. ஒன்பது நாளில் 21,778-க்கு இறங்கியது. மே 23 அன்றுதான் 22,823-ஐக் கடந்தது. செப்டம்பர் 27 அன்று 26,277 தொட்டது. 2.618 கோட்டுக்கு 251 புள்ளி பாக்கி. அதன் பிறகு 26,528 வரும் என்று உட்கார்ந்திருந்தவர் 2025 மார்ச் தொடக்கத்தில் 21,965-ஐப் பார்த்தார்.

நீங்கள் சொன்ன இரண்டு புகாரும் இந்த ஒரே ஓட்டத்தில் இருக்கின்றன. கோட்டைத் தொடாமல் திரும்பியதும் உண்டு, கோட்டைத் தாண்டி ஆயிரக்கணக்கில் போனதும் உண்டு. இதைப் பார்த்து "அடடா, மூன்று கோட்டுக்கும் பக்கத்தில் வந்து திரும்பியிருக்கிறதே, மந்திரம் மாதிரி வேலை செய்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

செப்டம்பர் 2023 உச்சியை "1.0-க்குப் பக்கத்தில்" என்று கணக்கில் சேர்க்க வேண்டுமென்றால், கோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சுமார் 310 புள்ளி சலுகை கொடுக்க வேண்டும். சரி, கொடுப்போம். பலருடைய சார்ட்டில் 0.618, 0.786, 1.0, 1.272, 1.414, 1.618 என்று ஆறு கோடு இருக்கும். 19,118-க்கும் 22,823-க்கும் நடுவில் உள்ள தூரத்தில், இந்த ஆறு கோட்டின் 310 புள்ளி அக்கம்பக்கத்தையும் வண்ணம் அடித்துப் பாருங்கள். நூறில் 81 பங்கு இடம் நிறைந்துவிடும். உச்சி எங்கே விழுந்தாலும் ஐந்தில் நான்கு தடவை ஏதோ ஒரு கோட்டுக்குப் பக்கத்தில்தான் விழும். விலைக்குக் கோட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாவிட்டாலும் இதே முடிவுதான் வரும். 0.618, 1.0, 1.618 மூன்றை மட்டும் வைத்தால் வண்ணம் அடித்த இடம் நூறில் 33 ஆகக் குறைகிறது. இப்போது விலை கோட்டருகே திரும்பினால் அதற்குக் கொஞ்சமாவது அர்த்தம் உண்டு. ஆகையால் முதல் எல்லை: கோடு மூன்றுக்கு மேல் வேண்டாம். 1.272, 1.414 எல்லாவற்றையும் இன்றே சார்ட் அமைப்பில் போய் டிக்கை எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது எல்லை A, B, C-யை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. 2022 செப்டம்பர் 30 அன்றும் நிஃப்டி ஒரு குழி போட்டது, 16,748. அதை A என்று வைத்தால் ஏற்றம் 2,140 புள்ளிதான். அதே C-யிலிருந்து 1.618 போட்டால் 20,290 வருகிறது. செப்டம்பர் 2023 உச்சிக்கு 68 புள்ளி தூரம்! நடந்து முடிந்த பிறகு இந்த A-யை எடுத்துக் காட்டி "பார்த்தீர்களா, துல்லியம்" என்று யாராவது யூடியூபில் பேசலாம். ஆனால் 2023 மார்ச்சில் உட்கார்ந்துகொண்டு இந்த A-யை எடுத்திருப்பாரா? அந்தக் கணக்கில் இறக்கம் ஏற்றத்தின் 96 சதவீதத்தைத் தின்றிருக்கிறது. அதை ரிட்ரேஸ்மென்ட் என்று சொல்வதே கஷ்டம், ஏற்றமே அழிந்துபோன நிலை அது. என் வழக்கம்: வார சார்ட்டில் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் அடியும் உச்சியும் எதுவோ அதுதான் A, B. ஷேர் வாங்குவதற்கு முன்பே அந்த மூன்று எண்ணையும் நோட்டில் தேதியோடு எழுதிவிட வேண்டும். பிறகு தொடக்கூடாது.

C-யில் இன்னொரு சிக்கல் உண்டு. A, B இரண்டும் நடந்து முடிந்தவை. C முடிந்துவிட்டதா என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. இதே இறக்கத்தில் 2023 பிப்ரவரி 1, பட்ஜெட் நாளில், நிஃப்டி 17,353 வரை போய்த் திரும்பியது. அடுத்த இரண்டு வாரத்தில் 18,100-ஐயும் தாண்டியது. ரிட்ரேஸ்மென்ட் முடிந்தது என்று நம்ப எல்லாக் காரணமும் இருந்தது. அதை C என்று வைத்தவருக்கு 1.0 டார்கெட் 21,058 என்று அழகாக வந்திருக்கும். அந்த மாதக் கடைசிக்குள் விலை 17,353-க்குக் கீழே போய்விட்டது. C உடைந்த நொடியே அதன் மேல் கட்டிய எல்லா டார்கெட்டும் செல்லாது. கோடு சார்ட்டில் அப்படியே நிற்கும், யாரும் அழிக்க மாட்டார்கள், நீங்கள்தான் அழிக்க வேண்டும். புது அடி அமைந்தால் புதுக் கணக்கு. A-யும் உடைந்தால் எக்ஸ்டென்ஷன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதனால் C-யின் அடியில் பிடிக்கப் பார்க்காமல், அடி அமைந்து விலை எழுந்த பிறகு வாங்குவதுதான் நடைமுறை. இறக்கத்தின்போது கடைசியாக அமைந்த சிறு உச்சியை நாள் முடிவு விலை தாண்டட்டும் என்று காத்திருப்பார்கள். கொஞ்சம் விலை கூடுதலாகக் கொடுப்போம், ஆனால் C என்ற புள்ளி ஓரளவு உறுதியாகும். உறுதி என்றால் முழு உறுதி இல்லை, பிப்ரவரியில் பார்த்தோமே.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 2023 மார்ச் 31 அன்று நிஃப்டி 17,360-இல் முடிந்தது. அங்கே வாங்கி, C-க்குச் சற்றுக் கீழே 16,800-இல் ஸ்டாப்லாஸ் வைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். நஷ்டம் வந்தால் 560 புள்ளி. லாபம் 0.618 கோட்டில் 1,758, 1.0-இல் 3,173, 1.618-இல் 5,463. கடைசியைப் பார்த்தால் ஒன்றுக்குப் பத்து மடங்கு மாதிரி தெரிகிறது. யார்தான் 1.618-ஐ விடுவார்கள்?

விலைக்கு எந்தப் பக்கமும் சாய்வு இல்லை, காசு சுண்டுவது போல மேலும் கீழும் போகிறது என்று வைத்தால், ஸ்டாப்லாஸ் அடிபடுவதற்கு முன் டார்கெட் வருவதற்கான வாய்ப்பை எளிதாகச் சொல்லலாம். ஸ்டாப்லாஸ் தூரத்தை, ஸ்டாப்லாஸ் முதல் டார்கெட் வரையான மொத்தத் தூரத்தால் வகுத்தால் போதும். 0.618-க்கு 560-ஐ 2,318-ஆல் வகுக்க வேண்டும்: 24 சதவீதம். 1.0-க்கு 15 சதவீதம். 1.618-க்கு 9 சதவீதம். டார்கெட் தள்ளிப் போகப் போக லாபம் பெருகுகிறது, வாய்ப்பு அதே அளவில் சுருங்குகிறது. பெருக்கிப் பார்த்தால் மூன்றிலும் கடைசியில் மிஞ்சுவது பூஜ்யம், அதிலும் எஸ்.டி.டி. போன்ற செலவைக் கழித்தால் கொஞ்சம் நஷ்டம்தான். பெரிய டார்கெட் வைப்பதால் மட்டும் ஒரு பைசா கூட அதிகம் வராது.

சந்தை முழுக்கக் காசு சுண்டுவதில்லை, ஏற்றத்தில் ஒரு வேகம் இருக்கும், நீண்ட காலத்தில் நிஃப்டிக்கு மேல்நோக்கிய சாய்வும் உண்டு. இருந்தாலும் அந்தக் கணக்கு ஒரு தரைமட்டம். அதற்கு மேல் உங்களுக்குக் கிடைப்பது எதுவாயினும், இறக்கம் உண்மையாகவே முடிந்தது என்று சரியாகக் கண்டுபிடித்ததன் கூலி. 1.618 என்ற எண்ணுக்கு அதில் பங்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 1.618-ஐ டார்கெட்டாக வைத்துப் பத்து தடவை வாங்கினால் ஒன்பது தடவை தொடாமல் போவது, நீங்கள் சொல்கிற "பாதி தடவை"யைவிட மோசமான விகிதம். உங்களுக்குப் பாதி தடவை கிட்டே வந்தாலே வாங்கும் இடத்தை நன்றாகத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று அர்த்தம். குறை, மொத்தச் சரக்கையும் ஒரே கோட்டில் விற்க நினைப்பதில் இருக்கிறது.

நான் பிரித்து விற்பேன். மூன்றில் ஒரு பங்கை B-க்கும் 0.618-க்கும் இடையில். மேலே சொன்ன கணக்கில் B 18,888, 0.618 கோடு 19,118, இரண்டும் ஒட்டியே இருக்கின்றன. இறக்கம் 61.8 சதவீதத்துக்கு மேல் ஆழமாகப் போயிருந்தால் 0.618 கோடு பழைய உச்சிக்குக் கீழேயே விழும். அப்போது அந்தக் கோட்டை மறந்துவிடலாம், B-யே முதல் டார்கெட். பழைய உச்சியில் மாட்டிக்கொண்டவர்கள் "போட்ட காசு வந்தால் போதும்" என்று விற்பது எந்தக் கணிதத்தையும்விட உண்மையான காரணம்.

இரண்டாவது பங்கு 1.0 கோட்டுக்கு. ஆனால் கோட்டின் மேலேயே ஆர்டர் போடாதீர்கள். அதே கோட்டைப் பார்த்துக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர், அவர்களுக்கு முன்னால் போகிறவனுக்குத்தான் வியாபாரம் படியும். எவ்வளவு முன்னால் என்பதற்கு நான் பார்ப்பது அந்த ஷேர் ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்பதை, சார்ட்டில் ATR என்று இருக்கும். ஒரு ATR அளவு கீழே போடுவேன். செப்டம்பர் 2023-இல் இது போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு 311 புள்ளி பாக்கி, நிஃப்டியின் ஒரு நாள் ஆட்டம் அதைவிட வெகு குறைவு. அதற்குத்தான் முதல் பங்கை ஏற்கெனவே விற்றது.

மூன்றாவது பங்குக்கு டார்கெட் கிடையாது. 1.0 கோடு தாண்டிய பிறகு, வார சார்ட்டில் ஒவ்வொரு புதுக் குழி அமையும்போதும் ஸ்டாப்லாஸை அதற்குக் கீழே ஏற்றிக்கொண்டே போக வேண்டும். "வித்த பிறகு பறக்குது" என்ற வயிற்றெரிச்சலுக்கு இந்தப் பங்குதான் மருந்து. 1.618 கோடு இங்கே விற்கும் இடமாக இல்லாமல், ஸ்டாப்லாஸை இறுக்கும் இடமாக மாறுகிறது. அதற்கு மேலே 2.618, 4.236 என்று போடுவதை நான் எதற்கும் பயன்படுத்துவதில்லை. அவ்வளவு தூரம் போவதற்குள் இரண்டு மூன்று புதிய ஏற்ற இறக்கம் முடிந்திருக்கும், புதிய A, B, C கிடைத்திருக்கும். பழைய மூன்று புள்ளியைப் பிடித்துத் தொங்குவதில் பொருளில்லை.

கோடு விலையைச் சொல்லும், நாளைச் சொல்லாது. மேலே சொன்ன 1.618-க்கு மார்ச் 2023-இலிருந்து பதினான்கு மாதம் ஆனது. கடன் வாங்கியோ, மாத ஆப்ஷனிலோ இதே டார்கெட்டை வைத்தவருக்குக் கணக்கு சரியாக இருந்தும் காசு வந்திருக்காது. வரியும் நாளைப் பொறுத்தது. 2024 ஜூலை 23 முதல், ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம், ஓராண்டு தாண்டினால் ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம். பதினோராவது மாதத்தில் 1.0 கோடு வந்தால் இதையும் ஒரு முறை யோசித்துக்கொள்ளுங்கள்.

மணலி, எண்ணூர் ஷேர் என்கிறீர்களே, அதற்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. கேட்டுக்கு எதிரே தினமும் போகிறோம், புகைக்கூண்டு தெரிகிறது என்பதால் நமக்கு அந்தக் கம்பெனி பழக்கமாகத் தோன்றும். ஆனால் சுத்திகரிப்பு ஆலைப் பங்கின் விலை, கச்சா எண்ணெய்க்கும் பெட்ரோல் டீசலுக்கும் இடையிலான லாப இடைவெளியோடு ஆடுகிறது. சிங்கப்பூரில் அந்த இடைவெளி சுருங்கினால் மணலியில் உங்கள் 1.0 கோட்டுக்கு யாரும் மரியாதை தர மாட்டார்கள். காலாண்டு முடிவு வரும் மறுநாள் விலை ஸ்டாப்லாஸைத் தாண்டியே திறக்கலாம், அப்போது 560 என்று நினைத்த நஷ்டம் 900 ஆகும். முடிவு வரும் தேதிக்கு முன் முதல் பங்கையாவது விற்றுவிடுங்கள்.

ஸ்பிளிட், போனஸ் வந்தால் பெரும்பாலான சார்ட் பழைய விலைகளைத் தானாகத் திருத்திவிடும், நீங்கள் நோட்டில் எழுதியதைத் திருத்தாது. ஒன்றுக்கு ஒன்று போனஸ் என்றால் A, B, C மூன்றையும் இரண்டால் வகுத்து எழுதிக்கொள்ளுங்கள், போட்டு வைத்த விற்பனை ஆர்டரையும் பாருங்கள். டிவிடெண்டுக்குப் பல சார்ட்டுகள் திருத்துவதில்லை. பெரிய டிவிடெண்ட் தரும் பங்கு எக்ஸ் தேதியில் அந்த அளவு இறங்கித் திறக்கும், அது C-யை உடைத்தது போலத் தெரியும். பதறி விற்பதற்கு முன் டிவிடெண்ட் தொகையைக் கூட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, A-யிலிருந்து B-க்கு விலை இரண்டு மடங்கு மூன்று மடங்கு ஆகியிருந்தால் சாதாரண அளவுகோலில் வரும் டார்கெட் வேறு, லாக் அளவுகோலில் வரும் டார்கெட் வேறு. 100-லிருந்து 250 போய் 180-க்குத் திரும்பிய ஷேருக்கு 1.0 டார்கெட் சாதாரணக் கணக்கில் 330, லாக் கணக்கில் 450. இப்படி 120 ரூபாய் இடைவெளி வரும் ஷேரில் குறைந்த எண்ணையே எடுங்கள். நிஃப்டி மாதிரி 25 சதவீதம் ஏறிய இடத்தில் 1.0 கோட்டுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 2 சதவீதம்தான்.